நீக்கிய பதிவுக்கு மேல்முறையீடு: என்ன எழுதினேன், எதைச் சேர்த்தேன்

"கடைப் பக்கத்தில் போட்ட பதிவை விதிமீறல் என்று நீக்கிவிட்டார்கள், கணக்குக்கும் கட்டுப்பாடு. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. மேல்முறையீட்டில் என்ன எழுதுவது?"

இப்படிக் கேட்பவர்களுக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். நான் கத்தி சாணை பிடித்துக் கொடுக்கிறேன். தீட்டி முடித்த சமையல் கத்தி ஒன்றின் படத்தைப் போட்டேன். ஆயுத விற்பனை என்று ஒரு தளம் அதை நீக்கி, விளம்பரமும் செய்ய முடியாதபடி நிறுத்திவிட்டது.

முதல் மனுவில் கோபத்தைத்தான் கொட்டினேன். எத்தனை வருடத் தொழில், எவ்வளவு நஷ்டம் என்றெல்லாம். மறுத்துவிட்டார்கள். அப்புறம் படத்தை நானே உற்றுப் பார்த்தேன். பளபளக்கும் அலகு மட்டும் தெரிகிறது, கைப்பிடி இல்லை, பலகை இல்லை. பார்ப்பவருக்கு அது சமையலறைக் கத்தி என்று எப்படித் தெரியும்?

மனுவைப் படிப்பவரிடம் சில நொடிகள்தான் இருக்கும். அறிவிப்பில் எந்த விதியைச் சொல்கிறார்களோ அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்த விதியை முழுக்கப் படித்தபோது, சமையலறைக் கத்திகளுக்கு விலக்கு உண்டு என்ற வரி கிடைத்தது. மறுபரிசீலனைக்கு இன்னொரு வாய்ப்பு இருந்ததால் இப்படி எழுதினேன்:

"என் பதிவு ஆயுத விற்பனை என்று நீக்கப்பட்டது. படத்தில் இருப்பது காய்கறி நறுக்கும் கத்தி. நான் கத்தி விற்பதில்லை, சாணை பிடிக்கும் சேவை மட்டுமே. உங்கள் விதியில் சமையலறைக் கத்திகளுக்கு விலக்கு உள்ளது. முழுப் படம், சேவை ரசீது, தொழில் பதிவுச் சான்று இணைத்துள்ளேன். மறுபடி பார்க்க வேண்டுகிறேன்."

சான்றில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், பதிவின் இணைப்பு, நீக்கிய தேதி மூன்றையும் முதல் நாளே எடுத்து வையுங்கள். சில அறிவிப்புகள் பிறகு மறைந்துவிடும். மனு நிலுவையில் இருக்கும்போது அதே படத்தை மறுபடி போடாதீர்கள், புதுக் கணக்கும் திறக்காதீர்கள். தடையை ஏமாற்றுவதாக எடுத்துக்கொண்டால் அதுவே இரண்டாவது மீறல்.

பதில் வரவில்லை என்று தினம் ஒரு புது மனு போடுவதிலும் பயனில்லை. ஒரு வாரம் கழித்து, பழைய புகார் எண்ணிலேயே தொடர்ந்தேன்: "இந்த எண்ணில் சென்ற வாரம் அனுப்பிய மனுவின் நிலை அறிய விரும்புகிறேன். கூடுதல் ஆவணம் தேவையென்றால் சொல்லுங்கள், உடனே அனுப்புகிறேன்." அவ்வளவுதான்.

உங்கள் பதிவை நீக்கக் காரணம் வேறொருவரின் பதிப்புரிமைப் புகார் என்றால் வழி வேறு. அதற்கு எதிர் அறிவிப்பு என்று தனிப் படிவம் உண்டு. அது சட்டப்பூர்வ உறுதிமொழி, படம் உங்களுடையது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள்.

என் பதிவு திரும்பி வந்தது. ஆனால் விளம்பரத் தடை அப்படியே இருந்தது, ஏனென்றால் அது தனி முடிவு. பதிவை மீட்டதாக வந்த அறிவிப்பையே ஆதாரமாக வைத்து இன்னொரு மனு போட்ட பிறகுதான் அதுவும் நீங்கியது.