பின்னட்டை வாசகத்திலும் ஆசிரியர் குறிப்பிலும் எதைப் பார்ப்பது?

கேள்வி: மதுரையில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். நாவலின் உள்பக்கங்கள் முடிந்துவிட்டன. இப்போது பின்னட்டை வாசகத்தையும் ஆசிரியர் குறிப்பையும் தனியாக அனுப்பியிருக்கிறார்கள். மொத்தமே நூறு நூற்றைம்பது சொல்தான். எழுத்துப்பிழை தவிர இதில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்:

எழுத்துப்பிழையைக் கடைசியில் பாருங்கள். பின்னட்டை வாசகத்தைப் பல சமயம் நாவலின் முதல் படியை வைத்தே எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு பாத்திரத்தின் பெயர் மாறியிருக்கும், ஓர் அத்தியாயம் போயிருக்கும். ஆசிரியர் குறிப்பு அவருடைய போன புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டியதாக இருக்கும். இரண்டுமே பழைய சரக்கு என்று வைத்துக்கொண்டு, உள்பக்கங்களின் கடைசி பிடிஎஃப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். நாவலும் ஆசிரியரும் கற்பனை. பின்னட்டை இப்படி வருகிறது:

"தமிழ் நாவல் உலகில் இதுவரை யாரும் தொடாத களம்! மதுரை மாவட்டம் கீழடியில் பிறந்த வேலம்மாள், கணவனை இழந்து பூச்சந்தைக்கு வருகிறாள். தரகர் முத்துக்கருப்பன் அவளை ஏமாற்றினார். மூன்று தலைமுறையின் வாழ்வைச் சொல்லும் மாபெரும் காவியம்."

முதலில் மிகையைப் பிடியுங்கள். பெயரடைகளையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்தால் போதும். "மாபெரும் காவியம்" என்பதை அடித்தால் "மூன்று தலைமுறையின் வாழ்வு" என்ற தகவலாவது மிஞ்சுகிறது. அதைப் புத்தகத்தில் எண்ணிப் பாருங்கள். வேலம்மாள் ஒன்று, மகள் இரண்டு. பேத்தி கடைசி அத்தியாயத்தில் தொட்டிலில் கிடக்கிறாள், அவ்வளவுதான். அது மூன்றாம் தலைமுறையின் வாழ்வு ஆகாது, "தாயும் மகளும்" என்று எழுதினால் போதும். "இதுவரை யாரும் தொடாத களம்" என்பதை அடித்தாலோ ஒன்றுமே மிஞ்சாது. "முதல்", "ஒரே", "இதுவரை யாரும்" மூன்றும் நிரூபிக்க முடியாத சொற்கள். அதே களத்தில் 1970களில் வந்த ஒரு நாவலை விமர்சகர் ஒருவர் எடுத்துக் காட்டினால் பதிப்பகத்துக்குப் பதில் இருக்காது. அந்த இடத்தில் புத்தகத்துக்குள் இருக்கும் ஒரு காட்சியைப் போடச் சொல்லுங்கள்: "விடியுமுன் மொட்டாகப் பறித்த மல்லி, சந்தைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று கை மாறுகிறது." இதைத் திறந்து பார்த்துச் சரிபார்க்கலாம், படிக்கவும் தோன்றும்.

அணிந்துரையிலிருந்து எடுத்த பாராட்டு வரி இருந்தால் முழு வாக்கியத்தையும் தேடிப் படியுங்கள். "சில அத்தியாயங்களில் மொழி உச்சம் தொடுகிறது" என்று எழுதியவர் பின்னட்டையில் "மொழி உச்சம் தொடுகிறது" என்று மட்டும் சொல்லியிருப்பார். இது மிகை மட்டுமில்லை, அவர் சொல்லாததை அவர் வாயில் போடுவது.

அடுத்து காலம். வேலம்மாள் "வருகிறாள்", தரகர் "ஏமாற்றினார்". கதைச் சுருக்கத்துக்கு நிகழ்காலம் என்று முடிவானால், கதை தொடங்குமுன் நடந்தது மட்டும் இறந்தகாலத்தில் நிற்கட்டும். மற்ற வினைகளெல்லாம் நிகழ்காலத்துக்கு வர வேண்டும். இந்த இரண்டு வினைகளில் இன்னொரு கோணலும் இருக்கிறது. ஏமாந்தவளுக்கு "ஆள்" விகுதி, ஏமாற்றியவனுக்கு மரியாதை! எழுதியவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், "தரகர்" என்ற சொல் அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கும். நாவலின் கதைசொல்லி அவனை எப்படிக் குறிக்கிறாரோ அதையே பின்னட்டையிலும் வையுங்கள்.

கீழடி இருப்பது சிவகங்கை மாவட்டத்தில். மதுரைக்கு அருகில் இருப்பதால் கை தானாக "மதுரை மாவட்டம்" என்று எழுதிவிடும். அதைச் "சிவகங்கை மாவட்டம்" என்று திருத்திவிட்டுப் போனாலும் முடியாது. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். கதை 1960களில் நடந்தால் அதுவும் தப்பு. "மதுரையை அடுத்த கீழடி" என்றால் எந்தக் காலத்துக்கும் சரி.

இனி ஆசிரியர் குறிப்பு:

"1960இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் பிறந்த இவர், 1977இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றுள்ளார். தற்போது அரசுப் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றி வருகிறார். சாகித்திய அகாதெமி விருதாளர். எனது முதல் நாவல் இது."

இங்கே ஆண்டுகளை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். 1960இல் பிறந்தவர் 1977இல் எம்.ஏ. என்றால் வயது 17. அது பி.யூ.சி. படிக்கிற வயது. அதற்குமேல் இளங்கலை மூன்று ஆண்டு, முதுகலை இரண்டு ஆண்டு போட்டால் 1982 வருகிறது. பல்கலைக்கழகத்தின் பெயரும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது, 1978இல்தான் காமராசர் பெயர் பெற்றது. 1982 என்றால் பெயர் பொருந்துகிறது, 1977 என்றால் பொருந்தாது. அதற்காக நீங்களே 1982 என்று மாற்றிவிடாதீர்கள். ஓரத்தில் இப்படி எழுதி அனுப்புங்கள்: "ஐயா, 1977 என்பது பி.யூ.சி. முடித்த ஆண்டா, எம்.ஏ. முடித்த ஆண்டா? வளாகத்திலேயே படித்தீர்களா, இணைப்புக் கல்லூரியிலா?" இணைப்புக் கல்லூரி என்றால் கல்லூரிப் பெயரைப் போடுவதுதான் சரி.

திண்டுக்கல் மாவட்டமும் 1985இல் மதுரையிலிருந்து பிரிந்ததுதான். "இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் நத்தம்" என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

"பணியாற்றி வருகிறார்" என்பதையும் கணக்கால் பிடிக்கலாம். தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 2020இல்தான் 58ஐத் தாண்டி உயர்த்தப்பட்டது. 1960இல் பிறந்தவருக்கு 58 ஆனது 2018இல். ஆகவே இது ஏதோ பழைய புத்தகத்தின் குறிப்பு. "தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்" என்று மாற்றலாமா என்று கேளுங்கள். "தற்போது", "விரைவில்", "அண்மையில்" மூன்றும் மறுபதிப்பில் பொய்யாகிவிடும். இன்னொரு சின்ன விஷயம்: ஆண்டைச் சொல்லிவிட்டால் "பெற்றுள்ளார்" வேண்டாம், "பெற்றார்" போதும். ஆண்டு இல்லாத இடத்தில் "பெற்றிருக்கிறார்" சரி.

விருதில் கூச்சம் பார்க்காமல் கேட்க வேண்டும். சாகித்திய அகாதெமி ஆண்டு விருது தவிர மொழிபெயர்ப்பு விருது, பால சாகித்திய புரஸ்கார், இளைஞர்களுக்கான யுவ புரஸ்கார் ஆகியவற்றையும் தருகிறது. வெறுமனே "சாகித்திய அகாதெமி விருது" என்றால் படிப்பவர் ஆண்டு விருது என்றே எடுத்துக்கொள்வார். எந்த விருது, எந்த நூலுக்கு, எந்த ஆண்டு என மூன்றும் வேண்டும். அகாதெமியின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. "எனது முதல் நாவல்" என்பது ஆசிரியர் தன்மையில் எழுதிக் கொடுத்ததைப் படர்க்கைக்கு மாற்றும்போது விடுபட்ட எச்சம். "இவரது" ஆக்குங்கள், அப்படியே அவருடைய நூல் பட்டியலில் வேறு நாவல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திருத்தியதோடு விட்டுவிடாதீர்கள். அட்டை வடிவமைப்பவர் யூனிகோட் அல்லாத எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டும்போது கொம்பும் காலும் பிரிந்து போகலாம், பழைய ஃபைலிலிருந்து 1977 திரும்பி வரவும் கூடும். லேமினேஷனுக்குப் போகுமுன் அட்டையின் இறுதி பிடிஎஃப்பை வாங்கி, ஆண்டுகளை மட்டும் தனியாக ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.