எழுத முடிகிறது, படிக்க முடியவில்லை: மூளைத் தமனி அடைப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு நேற்றிலிருந்து இடது கால் மட்டும் இழுக்கிறது. கை நன்றாக இருக்கிறது. வாதம் என்றால் கையும் சேர்ந்துதானே விழும்?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான், ஏனென்றால் அதிகம் அடைபடுவது நடுப் பெருமூளைத் தமனி. முகத்தையும் கையையும் இயக்கும் பகுதி மூளையின் வெளிப்பக்கத்தில், அதன் பாசனத்தில் இருக்கிறது. காலுக்கான பகுதியோ இரண்டு அரைக்கோளங்களும் எதிரெதிரே நிற்கும் உட்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஓடுவது முன் பெருமூளைத் தமனி. இடது காலை இயக்குவது மூளையின் வலது பாதி, அதனால் வலது முன் தமனியைச் சந்தேகிக்கிறேன். தண்டுவடம் அழுந்தினாலும் கால் இப்படி இழுக்கலாம். எதுவானாலும் இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: பேச்சு மையம் இடது மூளையில்தானே? மாமனாருக்கு வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, ஆனால் கொஞ்சம் குழறினாலும் சரியாகத்தான் பேசுகிறார். அப்படியானால் இது மூளைக் கோளாறு இல்லையே?

பதில்: முதல் பாதி சரி, முடிவு தவறு. நடுத் தமனியிலிருந்து மெல்லிய கிளைகள் மூளையின் ஆழத்துக்குள் போகின்றன. மேலே பரந்து கிடக்கும் இயக்க நரம்பிழைகள் அங்கே ஒரு குறுகிய பாதையில் நெருங்கி இறங்குகின்றன. ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத சேதம் முகம், கை, கால் மூன்றையும் வீழ்த்திவிடும். மொழிப்பகுதி மேற்பரப்பில் இருப்பதால் தப்பிவிடுகிறது. நாக்கும் உதடும் தளர்ந்ததால்தான் குழறல். ரத்த அழுத்தத்தைப் பார்த்தீர்களா?

கேள்வி: அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. போன வாரம் தங்கைக்குப் பிழையில்லாமல் கடிதம் எழுதினார். சற்று நேரம் கழித்து அதையே நீட்டினால் படிக்கத் தெரியவில்லை. கண்ணில் கோளாறு இல்லை என்கிறார் டாக்டர். மறதி நோயா?

பதில்: மறதி நோய் இப்படித் திடீரென வராது. பாரிஸில் டெஜெரின் என்ற நரம்பியல் மருத்துவர் 1892இல் விவரித்த நிலை இது. இடது பின் பெருமூளைத் தமனி அடைபட்டால் இடது பார்வைப் பகுதி போய்விடும். வலப்புறம் இருப்பவை எதுவும் தெரியாது. வலது பார்வைப் பகுதி எழுத்தைப் பார்க்கிறது, ஆனால் வாசிக்கும் திறன் இடது மூளையில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாலத்தின் பின்முனைக்கும் பெரும்பாலும் அதே தமனிதான் ரத்தம் தருகிறது. அதுவும் சேதமானால், பார்த்த எழுத்து வாசிக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. எழுதும் திறன் நடுத் தமனியின் எல்லைக்குள் இருப்பதால் குறையவில்லை.

ஒன்று செய்து பாருங்கள். அம்மாவின் உள்ளங்கையில் ‘ம’ என்று விரலால் எழுதுங்கள். தொடு உணர்வு வேறு வழியில் போவதால் சட்டென்று சொல்லிவிடலாம். நிறங்களின் பெயரைக் கேளுங்கள், அதுவும் தடுமாறக்கூடும். எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். அதுவரை வாகனம் ஓட்ட விடாதீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு இடது நடுத் தமனி அடைப்பு. தமனி எது என்று தெரிந்துவிட்டதே, எத்தனை மாதத்தில் பேசுவார்?

பதில்: அம்மா, தமனியின் பெயரை வைத்து அதைச் சொல்ல முடியாது. மூளையின் அடியில் தமனிகள் வளையமாக இணைந்திருக்கின்றன. பலருக்கு அந்த வளையம் முழுமையாக இருப்பதில்லை. மேற்பரப்பில் பக்கவழிகளும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் ஒரே அடைப்பு ஒருவருக்குச் சிறிய சேதத்தையும் இன்னொருவருக்குப் பெரிய சேதத்தையும் தருகிறது. ஸ்கேனில் சேதம் எவ்வளவு என்று கேளுங்கள். நீங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறதா? அதையும் எழுதுங்கள்.