இரண்டு மாதப் பயிற்சிக்குப் போகிறேன். விடுதிக் கட்டிலை விடுவதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: சென்னையில் பெண்கள் விடுதியில் மூவர் தங்கும் அறையில் இருக்கிறேன். சாப்பாட்டுடன் மாதம் 9,000 ரூபாய். அட்வான்ஸ் 18,000, காலி செய்தால் பராமரிப்புக்கு 4,000 பிடித்துக்கொள்வார்கள். புதிதாகச் சேருவோருக்கு இப்போது 9,500. மே 5 முதல் ஜூலை 4 வரை பெங்களூரில் பயிற்சி. திரும்பி வந்து பத்து மாதம் படிக்க வேண்டும். இல்லாத மாதங்களுக்கும் முழு வாடகை கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பேரம் பேசும் முன், காலி செய்தால் உங்களுக்கு என்ன செலவு என்று பாருங்கள். பராமரிப்புப் பிடித்தம் 4,000. திரும்பி வந்தால் மாதம் 500 கூடுதல், பத்து மாதத்துக்கு 5,000. சாமான்களை ஏற்றி இறக்க 1,500 என்று வைத்தால் மொத்தம் 10,500. கட்டிலைப் பிடித்துவைக்க இதற்குக் குறைவாக எவ்வளவு கொடுத்தாலும் உங்களுக்கு லாபம்தான். முழு வாடகையான 18,000 கொடுப்பது நஷ்டம்.

விடுதிக்காரரின் நிலையையும் யோசியுங்கள். மே மாதத்தில் மாணவிகள் ஊருக்குப் போய்விடுவதால் கட்டில்கள் எப்படியும் காலியாகக் கிடக்கும். நீங்கள் சாப்பிடப்போவதும் இல்லை. அரிசி, காய்கறி, எரிவாயு எல்லாம் அவருக்கு மிச்சம். ஆகவே மாதம் 3,000 என்று தொடங்குங்கள், 4,500 வரை ஏறலாம். இரண்டு மாதத்துக்கு 9,000 ஆகும். அப்போதும் உங்களுக்கு 1,500 மிச்சம்.

அதற்கும் இணங்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. கட்டிலைக் குறுகிய காலத்துக்கு வேறொருவருக்குக் கொடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் பெட்டியையும் படுக்கையையும் ஓர் ஓரத்தில் வைக்க மட்டும் மாதம் 1,000 கொடுங்கள். செலவு மிகக் குறைவு, ஆனால் ஆபத்து ஜூலையில் இருக்கிறது. கல்லூரி திறக்கும் நெரிசலில், இடையில் வந்தவர் காலி செய்ய மறுப்பார். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி இப்படித்தான் ஜூலையில் பெட்டியோடு வந்து நின்றார்; அவருடைய கட்டிலில் வேறொருவரின் கொசுவலை கட்டியிருந்தது. வாக்குக் கொடுத்த வார்டன் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த மாணவி மூன்று வாரம் தோழி வீட்டில் தங்கினார். எனவே வார்டனிடம் பேசினாலும், ஒப்புதலை உரிமையாளரிடம் வாங்குங்கள்.

“அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறேன்” என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசியில் காலி செய்யும்போது எவ்வளவு பாக்கி என்று அதில்தான் தகராறு வரும். மாதாமாதம் யூபிஐ மூலம் தனியாக அனுப்பி, குறிப்பில் “கட்டிலைப் பிடித்துவைக்க, மே” என்று எழுதுங்கள்.

பேசி முடித்த அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்:

“ஐயா, மே 5 முதல் ஜூலை 4 வரை நான் இருக்க மாட்டேன். நான் காலி செய்யவில்லை. சாப்பாடு இல்லாமல் மாதம் 4,500 தருகிறேன். ஜன்னலோரக் கட்டில் எனக்கே இருக்க வேண்டும். ஜூலை 5 முதல் பழைய வாடகை 9,000. அட்வான்ஸ் 18,000 அப்படியே இருக்கும். வருவது தாமதமானால் நாளுக்கு 150 தருகிறேன்.”