தம்பி பாப்பாவுக்கு அக்கா சொல்ற வரவேற்பு கவிதை

கேள்வி: 4 வயசு பொண்ணுக்கு தம்பி பொறந்திருக்கான். பேர் வைக்கிற ஃபங்ஷன் கார்டுல அவளே சொல்ற மாதிரி குட்டிக் கவிதை வேணும், எப்படி எழுதுறது?

பதில்:

முதல்ல "குலவிளக்கே, வரமே, பொக்கிஷமே" எல்லாத்தையும் தூக்கி ஓரமா வெச்சிடுங்க, அதெல்லாம் தாத்தா பேசுற பேச்சு, 4 வயசுப் புள்ள பேசாது.

எங்க அக்கா பொண்ணுக்காக நான் எழுதிக் குடுத்தப்போ "தம்பிய புடிக்குமா"ன்னு கேக்கவே இல்ல, கேட்டா "ம்"னு சொல்லிட்டு ஓடிடும். தம்பிகிட்ட என்னெல்லாம் இல்ல, அவன் என்ன பண்றான், அவனுக்கு எதைக் குடுப்ப, எதைக் குடுக்கவே மாட்டன்னு கேட்டேன். கடைசிக் கேள்விக்கு வர்ற பதில்தான் தங்கம், சின்னதா ஒரு பொறாமை இருந்தாத்தான் அது புள்ளையோட குரல். அவ சொன்னத வெச்சு வந்தது இது:

தம்பிப் பாப்பா வந்துட்டியா?
தயிர்சாதம் நீ தின்பியா?
பல்லு ஒண்ணும் காணலியே,
பலகாரம் நான் தின்னுக்கவா?
என் விரல ஏன் புடிச்ச?
எடுத்தா விட மாட்டேங்குற!
அம்மா மடி பாதி உனக்கு,
அப்பா தோளு முழுக்க எனக்கு!

ரெண்டு ரெண்டு வரியா பாருங்க, தம்பி-தயிர், பல்லு-பலகாரம், என்-எடுத்தா, அம்மா-அப்பான்னு முதல் எழுத்து ஒத்துப்போகும், மோனை மட்டும்தான், எதுகைக்கெல்லாம் நான் மெனக்கெடல. சின்னப் புள்ளைக்கு அதுவே மனப்பாடம் ஆயிடும். ஒவ்வொரு வரியும் மூணு நாலு வார்த்தைதான், அதுக்கு மேல போனா கார்டுல வரி உடைஞ்சு அடுத்த வரிக்கு எறங்கி தாளம் கெட்டுடும். எழுதினதும் அவளையே கைதட்டிச் சொல்லச் சொல்லுங்க, எந்த வார்த்தைல கை நிக்குதோ அத மாத்திடுங்க.

இன்னொண்ணு, பேர் வைக்கிறது பல வீட்டுல 11ஆம் நாளே நடந்துடும், அப்போ "என்னப் பாத்து சிரிச்சான்"னு எழுதினா பாட்டிங்க நம்ப மாட்டாங்க, ஆளைப் பாத்து சிரிக்கிறதெல்லாம் ஆறு வாரம் போல ஆனப்புறம்தான், அதுக்கு முன்னாடி தூக்கத்துல தானா வர்ற சிரிப்புதான். விரலப் புடிக்கிறது அப்படி இல்ல, உள்ளங்கைல எது பட்டாலும் பொறந்த நாள்லேர்ந்தே இறுக்கிப் புடிச்சுக்கும், அதான் அந்த வரிய விடாம வெச்சேன் (அவளுக்கு அதுல பெருமையோ பெருமை).

தங்கச்சி பொறந்திருந்தா முதல் வரிய "தங்கச்சிப் பாப்பா வந்தியா"ன்னு மாத்துங்க, மோனை அப்படியே நிக்கும், வார்த்தை நீண்டதால "வந்துட்டியா" குறுகணும், அவ்ளோதான். மத்த வரி யாருக்கும் பொருந்தும், அண்ணன் சொன்னாலும் சரி. கீழ "இப்படிக்கு உன் அக்கா"ன்னு போட்டு பக்கத்துல அவ கிறுக்குறதுக்கு கொஞ்சம் இடம் விட்டுடுங்க, பிரிண்ட்டுக்கு குடுக்குறதுக்கு முன்னாடியே கிறுக்க வெச்சு அத ஸ்கேன் பண்ணிச் சேத்துட்டா எல்லா கார்டுலயும் வந்துடும்.