பார்க்காததை எழுதிக் கையெழுத்து வைக்கலாமா?

"பரந்தன் பக்கம் ஒரு அரிசி மில்லில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். போன கிழமை என் மனைவியின் தம்பிக்குப் பொலிஷர் பெல்டில் கை சிக்கி இரண்டு விரல் நசிந்துவிட்டது. நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்போது ஆட்கள் கூடி நின்றார்கள். 'அலட்சியமாக வேலை செய்ததால் விபத்து நடந்தது. மூடியில்லாத பெல்டுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று தெரிந்தும் போனார்' என்று அறிக்கை கொடுத்தேன். காப்புறுதிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனைவி கதைப்பதில்லை. உண்மையைத்தானே எழுதினேன்?"

தம்பி, கை சிக்கும்போது நீங்கள் அங்கே இல்லை. தேத்தண்ணி குடிக்கப் போனதில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் பார்க்காத ஒருவர் 'அலட்சியமாக' என்று எப்படி எழுதினார்? நாளைக்கு விசாரணையில் "நீங்கள் கண்டீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்ல வேண்டிவரும். அந்த ஒரு 'இல்லை'யோடு, நீங்கள் சரியாக எழுதிய நேரமும் இடமும்கூட நம்பிக்கை இழந்துபோகும்.

மச்சான் பக்கம் சாய்ந்தார் என்று மில்லில் கதைப்பார்களே என்ற பயத்தில் அவர் தலையில் சுமத்தியிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. சொந்தக்காரன் என்பதற்காக மறைப்பது எவ்வளவு பிழையோ, சொந்தக்காரன் என்பதற்காகவே கூட்டி எழுதுவதும் அவ்வளவு பிழை. அவர் உங்கள் உறவு என்பதை அறிக்கையின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள், அதற்குமேல் அந்தப் பயத்துக்கு அங்கே வேலையில்லை.

'தெரிந்தும் போனார்' என்பது இன்னும் பொல்லாத வரி. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில், பாதுகாப்புக் கட்டளையை ஒருவர் வேண்டுமென்றே மீறினாரா, மூடியை வேண்டுமென்றே கழற்றினாரா என்பது நட்டஈட்டையே அசைக்கக்கூடிய கேள்வி. அவர் மனதில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை எழுதி, உங்கள் மனைவி வீட்டுச் சோற்றில் கை வைக்கப் பார்த்தீர்கள்.

சரி, திருத்துவது எப்படி? ஒவ்வொரு வரியையும் எடுத்து, இதைக் கண்ணால் பார்க்கலாமா, அளக்கலாமா, யாராவது சொன்னதா என்று கேளுங்கள். மூன்றும் இல்லையென்றால் அது உங்கள் அபிப்பிராயம், வெட்டுங்கள். 'அலட்சியமாக வேலை செய்தார்' போய், "மோட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது பெல்டுக்குக் கீழே அடைத்திருந்த தவிட்டை வலது கையால் தள்ளினார் என்று பக்கத்தில் நின்ற தொழிலாளி சொன்னார்" என்று வரட்டும். அப்படித்தான் நடந்ததா என்று அந்தத் தொழிலாளியிடம் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். யார் சொன்னது என்பது கட்டாயம் இருக்கவேண்டும். 'நிறுத்தத் தவறினார்' என்றும் எழுதாதீர்கள். அது நல்லபிள்ளை மாதிரித் தெரியும், உள்ளே குற்றச்சாட்டுத்தான் இருக்கிறது. "மோட்டர் நிறுத்தப்படவில்லை, சுவிட்ச் பொலிஷரிலிருந்து இத்தனை அடி தூரத்தில் இருக்கிறது" என்று அளந்து எழுதுங்கள்.

அப்புறம் அந்த மூடி. அதை மச்சானைக் குற்றஞ்சொல்லும் வரிக்குள்ளே ஒளித்துவைத்துவிட்டீர்களே! அதுதான் முழு அறிக்கையிலும் பெறுமதியான தகவல். "விபத்து நேரத்தில் பெல்டில் மூடி இருக்கவில்லை. மூடி இன்ன இடத்தில் கிடந்தது. கடைசியாக அது பூட்டியிருந்ததைக் கண்டவர் இன்னார், இன்ன திகதி." யார் கழற்றியது என்று தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள், ஊகிக்க வேண்டாம். 'அலட்சியம்' என்ற சொல் வந்தவுடனே எல்லாரும் காரணம் கிடைத்துவிட்டது என்று பேனையை மூடிவிடுவார்கள். பெல்ட் மூடியில்லாமலே ஓடும், தவிடு திரும்ப அடைக்கும், அடுத்த சிறுபோக நெல் வரும்போது இன்னொருவர் வீட்டுப் பிள்ளை அதற்குள் கை வைப்பான். மேற்பார்வையாளர் என்றால் அந்த மூடிக்கும் நீங்கள்தான் பொறுப்பு. அதை எழுத மனம் கூசுகிறதென்றால் அந்த வரியைத்தான் முதலில் எழுதவேண்டும்.

அதற்காக அவர் ஓடும் பெல்டில் கை வைத்ததை விழுங்கிவிடாதீர்கள். நடந்தது நடந்தபடி நிற்கட்டும், தீர்ப்பு மட்டும் வேண்டாம்.

அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் எங்கேயும் இல்லை. முதலில் போய் அவரைப் பாருங்கள், விரல் எப்படி இருக்கிறதென்று விசாரியுங்கள், பிறகு நடந்ததைக் கேட்டு அவர் சொல்வதை அவர் சொன்னபடியே மேற்கோள் போட்டு எழுதுங்கள். நீங்கள் கண்டதை ஒரு பகுதியாகவும் மற்றவர்கள் சொன்னதை இன்னொரு பகுதியாகவும் பிரித்துவிடுங்கள். பழைய அறிக்கையைக் கிழிக்கவோ அதன்மேல் வெட்டித் திருத்தவோ கூடாது. புதியதில் இன்றைய திகதியைப் போட்டு, முந்தையதைத் திருத்தி எழுதியது என்று குறிப்பிட்டு, இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.