நுகர்வோர் கேள்வி-பதில்: “போன்ல ஒத்துக்கிட்டாங்களே சார்!”

பாண்டிச்சேரி கடை ஒன்றில் சமையலறை கப்போர்டு செய்தோம். மூன்றே மாதத்தில் சிங்க்குக்குக் கீழே உள்ள பலகையும் இரண்டு கதவுகளும் ஊறி உப்பிவிட்டன. நேற்று முதலாளியே போனில் பேசி, மாற்றித் தருவதாகச் சொன்னார். பாக்கி 18,000 ரூபாய் நான் தர வேண்டும். இனி என்ன செய்வது?
— வாசகி, மஞ்சக்குப்பம்

இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் அவருக்கு ஒரு வாட்ஸ்அப் எழுதுங்கள் அம்மா. பேச்சு இரண்டு பேருக்கும் நினைவிருக்கும்போதே போக வேண்டிய மெசேஜ் இது. கிட்டத்தட்ட இப்படி இருக்கட்டும்:

“ஐயா, 24.11.2025 திங்கள் மாலை 5.10-க்கு நாம் போனில் பேசி முடிவு செய்தவை. சிங்க் கீழ்ப்பலகையையும் இரண்டு கதவுகளையும் உங்கள் செலவில் மாற்றித் தருகிறீர்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் போடுவதாகச் சொன்னீர்கள். 28.11 வெள்ளிக்கிழமை உங்கள் ஆசாரி வந்து அளவெடுப்பார், 6.12 சனிக்கிழமைக்குள் பொருத்தி முடிப்பார். குழாயைக் கழற்றி மாட்ட பிளம்பரை வரச் சொல்வதும் அவர் கூலியும் என் பொறுப்பு. பாக்கி 18,000 ரூபாயை வேலை முடிந்த அன்றே தருகிறேன். கதவுக்குப் பழைய நிறமே கிடைக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அளவெடுக்க வரும்போது மாதிரி கொண்டுவருவதாகச் சொன்னீர்கள். இதில் ஏதாவது தவறாக இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள். சரி என்றால் ‘சரி’ என்று ஒரு வார்த்தை போடுங்கள்.” கூடவே பில் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

‘தண்ணீர் படாத பலகை’ என்று மட்டும் எழுதினால், எதைக் கொண்டுவந்து போட்டாலும் அவர் சொன்னது சரியாகிவிடும். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான தரக் குறியீடு. பலகையிலேயே அந்த முத்திரை அச்சாகியிருக்கும், பொருத்துவதற்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். போனில் அவர் வெறுமனே ‘நல்ல பலகை’ என்றுதான் சொன்னார் என்றால் இந்த எண்ணை எழுதாதீர்கள். பேசாத ஒன்றைப் பேசியதாகச் சேர்த்தால், பேசிய மற்ற ஆறு விஷயங்களையும் அவர் மறுப்பதற்கு நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள். அந்தக் கோரிக்கையைத் தனி மெசேஜாகக் கேளுங்கள்.

உங்கள் பங்கையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 6-ஆம் தேதி ஆசாரி வந்து, குழாய் கழற்றாமல் இருந்தால், தாமதம் உங்கள் தலையில் விழும். முடிவாகாத நிறத்தை விட்டுவிட்டாலும் அப்படித்தான்: கடைசியில் வேறு நிறத்தில் கதவு வந்து நிற்கும், ‘நீங்கதானே ஓகே சொன்னீங்க’ என்பார்கள்.

அவர் ‘6-ஆம் தேதி கஷ்டம், 10-க்கு முடிச்சிடலாம்’ என்று பதில் போட்டால், அது உங்களுக்குச் சம்மதமானால், ‘சரி, 10.12 புதன்கிழமை. மற்றவை மேலே எழுதியபடியே’ என்று திருப்பி எழுதுங்கள். மாற்றத்தை மறுபடியும் போனில் மட்டும் பேசினால் கையில் இருப்பது பழைய தேதிதான்.

மெசேஜில் இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை. ஒத்துக்கொண்ட மாதிரிதானே?
— வாசகர், வில்லியனூர்

இல்லை. பார்த்தார் என்பதற்கு மேல் அந்த டிக்குக்கு அர்த்தம் கிடையாது. பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எழுதியபடி அவர் ஆள் வந்து வேலையைத் தொடங்கினால், அது நல்ல சான்று. வந்த நாளையும் நேரத்தையும் அதே மெசேஜின் கீழே எழுதிப் போடுங்கள். ஆளும் வரவில்லை, பதிலும் இல்லை என்றால் அதே வாசகத்தை பில்லில் உள்ள மின்னஞ்சலுக்கும், ஸ்பீடு போஸ்டில் கடை முகவரிக்கும் அனுப்புங்கள். அப்புறம், அந்தச் சாட்டில் மறையும் மெசேஜ் வசதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

தெரிந்தவர் கடை சார். எழுதி அனுப்பினால் தப்பாக நினைப்பாரே?
— வாசகர், செம்மண்டலம்

அவர் உங்களுக்கு பில் போட்டுக் கொடுத்தபோது நீங்கள் தப்பாக நினைத்தீர்களா?

போர் மோட்டாரை மாற்றித் தருவதாகக் கடையிலிருந்து ஒருவர் போனில் சொன்னார். பெயர் கேட்கவில்லை, தேதியும் நினைவில்லை. இப்போது ‘அப்படி யாரும் சொல்லலையே’ என்கிறார்கள். நான் எழுதி வைக்கவில்லை, ஆனால் போனில் நிறைய பேசினோம்.
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பெயர் கேட்க எத்தனை நொடி ஆகும் ஐயா? மோட்டாருக்குப் பணம் கொடுக்கும்போது எண்ணித்தானே கொடுத்தீர்கள்?

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம், நானே ஏமாந்திருக்கிறேன். தானே புயல் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி நம் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகு மாடிக்குக் கலர் ஷீட் போட ஒருவரிடம் வேலை கொடுத்தேன். 0.50 மில்லிமீட்டர் கனம், பத்து நாளில் வேலை முடியும் என்று போனில் பேசியது. பிறகு பேசியபோதெல்லாம் ‘பார்த்துக்கறோம், ஆள் அனுப்பறோம், அடுத்த வாரம்’. வேலை முடிய இரண்டு மாதம் ஆனது. வந்த ஷீட்டை அளந்தால் 0.40. கேட்டதற்கு, ‘0.50-ன்னு யார் சொன்னது?’ என்றார்கள். சொன்னவர் வேலையை விட்டுப் போயிருந்தார். பாக்கிப் பணத்தை முன்பே கொடுத்துவிட்டேன்.

‘பார்த்துக்கறோம்’ என்றால் யார் பார்ப்பது? ‘அடுத்த வாரம்’ என்றால் எந்தக் கிழமை? இந்த இரண்டு கேள்விகளையும் போனை வைப்பதற்குள் கேட்டால், எதிரே இருப்பவர் ஒரு பெயரும் தேதியும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்ல மறுத்தால், ‘ஆள் யார், என்றைக்கு என்பதை நீங்கள் சொல்லவில்லை’ என்று அதையே எழுதி அனுப்புங்கள். பணிவாகக் கேட்டாலே போதும், அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

இப்போது முதலாளியை அழைத்து, பெயரும் தேதியும் கேட்டு, புதிதாகப் பேசி, அன்றே எழுதுங்கள். பழைய பேச்சை வைத்து வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கிய நான்காம் மாதமே படுத்துவிட்டது. புதுச்சேரி கடைக்குப் போன் செய்தால் ஒவ்வொரு முறையும் மாற்றித் தருகிறோம் என்றுதான் சொல்கிறார்கள். வாங்கி ஒரு வருடம் ஆகிறது. எழுத்தில் எதுவுமே இல்லை. கணவர் இல்லை, தனியாக இருக்கிறேன்.
— வாசகி, நெல்லிக்குப்பம்

அம்மா, உங்கள் மேல் தவறில்லை. நம்பிப் பேசியவரை இழுத்தடித்திருக்கிறார்கள்.

இன்றைய தேதி போட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். முன்தேதி போடவே கூடாது. போனில் கால் பட்டியல் எவ்வளவு பின்னால் வரை இருக்கிறதோ, அந்தக் கடை எண்ணுக்கான அழைப்புகளின் தேதியையும் நேரத்தையும் பேசிய நிமிடங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ‘இந்தத் தேதிகளில் பேசினேன், ஒவ்வொரு முறையும் மாற்றித் தருவதாகச் சொன்னீர்கள், 15 நாளில் மாற்றித் தாருங்கள்’ என்று எழுதி, பில் நகல், வாரண்டி அட்டை நகலுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள்.

கெடு நாளைக் கவனியுங்கள். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க வேண்டும். போனில் ‘தர்றோம், தர்றோம்’ என்று சொல்லிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு தானாக நீண்டுவிடாது. கடை புதுச்சேரியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை.