சாதகமான அறிக்கை, பலவீனமான ஒப்பீடு

அன்புள்ள ஐயா,

2020 மார்ச்சில் நான்கு லட்சம் ரூபாய் கடன் வாங்கிப் புரோநோட்டு எழுதிக்கொடுத்ததாக என் அப்பா மீது 2023 பிப்ரவரியில் ஒருவர் வழக்குப் போட்டார். அது தன் கையெழுத்தே இல்லை என்று அப்பா எதிர்வழக்குரை தாக்கல் செய்தார். எங்கள் மனுவின் பேரில் நீதிமன்றம் புரோநோட்டைத் தடய அறிவியல் துறைக்கு அனுப்பியது. வக்காலத்திலும் எதிர்வழக்குரையிலும் உள்ள அப்பாவின் கையெழுத்துகளோடு ஒப்பிட்டு, 'ஒரே ஆள் போட்டவை அல்ல' என்று அறிக்கை வந்துவிட்டது. ஆனால் எங்கள் வக்கீல், 'இதை மட்டும் நம்பி உட்கார முடியாது' என்கிறார். அரசு ஆய்வகமே சொன்ன பிறகும் என்ன தயக்கம்?

செல்வராணி

அன்புள்ள செல்வராணி,

உங்கள் வக்கீல் சரியாகத்தான் தயங்குகிறார். வக்காலத்தும் எதிர்வழக்குரையும் வழக்கு வந்த பிறகு கையெழுத்தானவை. புரோநோட்டை மறுக்கப்போகிறோம் என்று தெரிந்த ஒருவர் அன்றைக்குத் தன் கையெழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டிருக்கலாம். உங்கள் அப்பா அப்படிச் செய்தார் என்று எதிர்த்தரப்பு நிரூபிக்கக்கூட வேண்டாம். செய்ய வாய்ப்பு இருந்தது என்று காட்டினாலே அறிக்கையின் அடித்தளம் ஆட்டம் கண்டுவிடும். நிபுணர் நேர்மையாகவே வேலை செய்திருப்பார். ஆனால் அவர் கையில் கிடைத்த இரண்டு மாதிரிகளும் தகராறுக்குப் பிந்தியவை.

நிபுணர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் இது விளங்கும். யாரும் இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. அப்படி இரண்டு கையெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்தினால், ஒன்றை வைத்து மற்றதை வரைந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். ஆகவே எழுத்து வித்தியாசப்படுகிறது என்பது மட்டும் ஒன்றும் சொல்லாது. அந்த வித்தியாசம் ஒரே ஆளின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் வருகிறதா, அதைத் தாண்டிப் போகிறதா என்பதே கேள்வி. அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரிய ஒரே காலத்தைச் சேர்ந்த பல கையெழுத்துகள் வேண்டும். இரண்டை வைத்து அதை அளக்க முடியாது. வயதானவர்களிடம் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். மூன்று ஆண்டுகளில் கை நடுங்க ஆரம்பித்திருக்கலாம். 2020-இல் போட்ட உண்மையான கையெழுத்தையே 2023-ஆம் ஆண்டு மாதிரியோடு வைத்தால் வேறு ஆளுடையது போலத் தெரியக்கூடும்.

அதனால் இப்போது செய்ய வேண்டியது, 2019, 2020 வாக்கில் அப்பா கையெழுத்திட்ட அசல் ஆவணங்களைத் தேடுவது. வங்கியில் பணமாக்கப்பட்ட காசோலைகள், கணக்குத் தொடங்கியபோது கொடுத்த மாதிரிக் கையெழுத்து அட்டை, காப்பீட்டு விண்ணப்பம், கடன் விண்ணப்பம் எதுவும் உதவும். வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதைவிட, வங்கிக்கு நீதிமன்றம் வழியாக அழைப்பாணை அனுப்பி வரவழைப்பது நல்லது. ஏனென்றால் ஒப்பீட்டுக்கான கையெழுத்தை எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது அது நீதிமன்றத்துக்குத் திருப்தியாக நிரூபிக்கப்பட வேண்டும். மூன்றாம் நபரின் காவலில் இருந்து வந்த ஆவணத்தைச் சந்தேகிப்பது கடினம். புரோநோட்டில் உள்ளது தமிழ்க் கையெழுத்து என்றால் மாதிரியும் தமிழிலேயே இருக்க வேண்டும். ஜெராக்ஸ் அனுப்பினால் வேலைக்கு ஆகாது. பேனா அழுத்தம், கோட்டின் நடுவே பேனாவை எடுத்துவைத்த இடம், மேலே திருத்தி இழுத்த கோடு இவையெல்லாம் நுண்ணோக்கியின் கீழ் அசலில்தான் தெரியும். போலியைக் காட்டிக்கொடுப்பவையும் பெரும்பாலும் இவைதான். இந்த ஆவணங்களோடு மறு ஒப்பீடு கேட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 26, விதி 10-ஏ-யின் கீழ் மனு போடலாம். வாதங்கள் முடிந்த பிறகு போனால் இழுத்தடிப்பு என்று தள்ளிவிடுவார்கள்.

இரண்டாவது அறிக்கையும் சாதகமாக வந்தாலும் அது கருத்துதான். புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன்பே உங்கள் வழக்கு நிலுவையில் இருந்ததால் பழைய சாட்சியச் சட்டமே பொருந்தும். அதன் 45-வது பிரிவு நிபுணர் கருத்தைப் பரிசீலிக்கத்தக்கது என்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு எடை என்பதைத் தீர்ப்புகளில்தான் பார்க்க வேண்டும். சசிகுமார் பானர்ஜி வழக்கில் (1964) உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது ஓர் உயில். நிபுணர் கருத்து உயிலுக்கு எதிராக இருந்தது. சான்றொப்பமிட்ட இரு சாட்சிகளின் நேரடி வாக்குமூலத்தை ஏற்று, நிபுணரை நீதிமன்றம் ஒதுக்கியது. முராரிலால் வழக்கில் (1980) அதே நீதிமன்றம் இதைச் சமன் செய்தது. வேறு ஆதாரம் துணை நின்றால்தான் கையெழுத்து நிபுணரை நம்பலாம் என்று சட்டவிதி எதுவும் இல்லை. எச்சரிக்கையோடு அணுகி, அவர் சொல்லும் காரணங்களைச் சோதித்து, நம்பத்தக்கதாக இருந்தால் ஏற்கலாம் என்றது. கீழ் நீதிமன்றங்களில் இரண்டு தரப்பும் ஆளுக்கு ஒரு தீர்ப்பை நீட்டுவது வழக்கம். கூர்ந்து படித்தால் இரண்டும் மோதவில்லை. காரணங்களின் தரம்தான் தராசு.

ஆகவே உங்கள் அறிக்கையை எடுத்து, காரணம் எத்தனை வரி இருக்கிறது என்று பாருங்கள். 'எழுத்துப் பண்புகள் வேறுபடுகின்றன' என்று ஒரே வரியில் முடிந்திருந்தால் அது பலவீனமான அறிக்கை. எந்த எழுத்தின் தொடக்கம் எப்படி வேறுபடுகிறது, சாய்வு, எழுத்துகளின் அளவு விகிதம், இணைப்பு ஆகியவை எப்படி என்று பெரிதாக்கிய படங்களோடு சொல்லியிருந்தால் நீதிபதியும் அதைக் கண்ணால் சரிபார்க்க முடியும். எப்படியிருந்தாலும் நிபுணரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கக் கேளுங்கள். குறுக்கு விசாரணையைத் தாங்கி நின்ற கருத்துக்கும், கட்டுக்குள் கிடக்கும் காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம் தீர்ப்பில் தெரியும்.

நீதிபதியே அதே சாட்சியச் சட்டத்தின் 73-வது பிரிவின்படி கையெழுத்துகளை ஒப்பிடலாமே என்றும் சிலர் சொல்வார்கள். அதிகாரம் உண்டு. ஆனால் மேலோட்டமாகப் பார்த்து முடிவுக்கு வருவது ஆபத்து. தமிழ்நாட்டிலிருந்து போன திருவேங்கடம் பிள்ளை எதிர் நவநீதம்மாள் வழக்கில் (2008) முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெருவிரல் ரேகையைத் தானே ஒப்பிட்டு ஒப்பந்தம் உண்மை என்றது. அந்த ஒப்பீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

உங்களுக்குச் சாதகமான ஒன்று அறிக்கைக்கு வெளியே இருக்கிறது. புரோநோட்டுக்குப் பணம் கைமாறியது என்ற அனுமானம் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118-வது பிரிவில் உண்டு. ஆனால் கையெழுத்து மறுக்கப்படும்போது, அது உங்கள் அப்பா போட்டதுதான் என்று வாதி நிரூபித்த பிறகே அந்த அனுமானம் கிளம்பும். ஆகவே ஆய்வகம் 'கருத்துக் கூற இயலவில்லை' என்று திருப்பி அனுப்பினாலும் பாரம் வாதியின் தலையில்தான். அவர் புரோநோட்டை எழுதியவரையும் அதில் கையெழுத்திட்ட சாட்சியையும் அழைத்து வருவார். வழக்கு பெரும்பாலும் அங்கேதான் முடிவாகும். எங்கே வைத்து எழுதினார்கள், யார் யார் இருந்தார்கள், நான்கு லட்சம் எப்படி வந்தது, வாதியின் வங்கிக் கணக்கிலோ வருமான வரிக் கணக்கிலோ அந்தப் பணத்தின் சுவடு இருக்கிறதா என்று இருவரையும் தனித்தனியே கேட்டால் முரண்கள் வெளிவரும். அந்த முரண்களோடு சேரும்போதுதான் நிபுணர் கருத்துக்குப் பலம் கிடைக்கும்.

மையின் வயதைச் சோதிக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அதில் காலத்தைச் செலவிடாதீர்கள். மையின் வயதைத் துல்லியமாகச் சொல்லும் வசதி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. அந்த நேரத்தில் வங்கிக்கு அழைப்பாணை அனுப்புங்கள். பழைய காசோலைகளை வங்கிகள் காலம் கடந்தால் அழித்துவிடுவார்கள்.